பழைய மெயிலிலேயே தொடர்வதா, புது சப்ஜெக்ட் போடுவதா?

கேள்வி: வணக்கம் அம்மா. ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். சப்ளையர், கணக்குப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு என்று எல்லோருக்கும் மெயில் எழுதுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. கூட்ட அறைக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கினோம். விலை கேட்டு நான் எழுதிய முதல் மெயிலுக்கே எல்லாரும் பதில் போட்டுப் போட்டு இப்போது 41 மெயில் ஆகிவிட்டது. புரொஜெக்டரில் வந்த பழுதையும் அதிலேயேதான் எழுதினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. "எல்லாவற்றையும் ஏன் ஒரே மெயிலில் போட்டுக் குழப்புகிறாய்?" என்கிறார் மேலாளர். போன மாதம் வேறொரு விஷயத்துக்குப் புது சப்ஜெக்ட் போட்டு எழுதினால், "முன்கதை தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது?" என்று அதற்கும் திட்டு. எப்போது தொடர வேண்டும், எப்போது புதிதாகத் தொடங்க வேண்டும்? பழைய மெயிலிலேயே சப்ஜெக்டை மட்டும் மாற்றினால் போதாதா? 41 மெயிலின் பட்டியலையும், போன மாதம் எழுதிய மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அந்த 41 மெயிலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை அல்ல. என் கணக்கில் அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. அவை எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை உங்கள் பட்டியலை வைத்தே காட்டுகிறேன்.

அலுவலகக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் வேலையில் நான் பல வருடங்கள் இருந்தேன். புது சப்ஜெக்ட் தேவையா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன். ஆறு மாதம் கழித்து இந்த மெயிலைத் தேடுபவர் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவார்? அந்தச் சொல் இப்போதைய சப்ஜெக்டில் இருந்தால், அல்லது அதைப் பார்த்ததும் 'இதற்குள்தான் இருக்கும்' என்று அவருக்குத் தோன்றும் என்றால், தொடரலாம். இல்லையென்றால் புதிதாகத் தொடங்க வேண்டும். தேடுபவர் நீங்களாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் இடத்துக்கு வரும் அடுத்த ஆளாக இருக்கலாம், கணக்குப் பிரிவில் தணிக்கைக்காகத் தேடுபவராகவும் இருக்கலாம்.

இந்தக் கேள்வி ஏன் வேலை செய்கிறது என்றால், ஒரு சப்ஜெக்ட் என்பது ஒரு கேள்விக்கு வைத்த பெயர். உங்கள் முதல் மெயிலின் சப்ஜெக்ட் 'கூட்ட அறைக்கு புரொஜெக்டர் – விலைப்புள்ளி'. அதற்குள் இருந்த கேள்வி, எந்த மாடல், என்ன விலை. அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் அந்தப் பெயருக்கு வேலை முடிந்தது. அப்புறம் அதற்குக் கீழே எழுதுவது எல்லாம் வேறொருவர் வீட்டு முகவரிக்கு அனுப்பிய கடிதம் மாதிரிதான்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

1 முதல் 12 வரையான மெயில்கள் ஒரே சங்கிலியாக இருந்தது சரிதான். இதற்குள் நிறைய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. முதலில் கேட்ட மாடலை விட்டு வேறு மாடலுக்குப் போயிருக்கிறீர்கள், விலை இரண்டு முறை குறைந்திருக்கிறது, நடுவில் ஒரு வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் கேள்வி மாறவில்லை. எதை, என்ன விலைக்கு வாங்குவது என்பதுதான் பன்னிரண்டாவது மெயில் வரை பேச்சு. பேரம் நடக்கும்போது ஒவ்வொரு புது விலைக்கும் புது சப்ஜெக்ட் போட்டிருந்தால், கடைசியில் ஒப்புக்கொண்ட விலை எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

13-ஆவது மெயிலில் ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். முதல் பிரிவு இங்கே வந்திருக்க வேண்டும். என்ன விலை என்ற கேள்வி முடிந்துவிட்டது, அதோடு ஆர்டர் எண் 118 என்று புதிதாக ஓர் அடையாளமும் வந்துவிட்டது. இனிமேல் சப்ளையரும் சரி, உங்கள் கணக்குப் பிரிவும் சரி, அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். ஒரு விஷயத்துக்கு எண் கிடைத்துவிட்டால் அந்த எண் சப்ஜெக்டில் ஏற வேண்டும். அதற்குப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி. 13 முதல் 18 வரை, எப்போது வரும், ஏன் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று நடந்த பேச்சு முழுதும் 'ஆர்டர் 118' என்ற சங்கிலியில் இருந்திருக்கலாம்.

19 முதல் 29 வரை புரொஜெக்டரைக் கூரையில் பொருத்துவது பற்றி. மின் இணைப்பு எங்கே வருகிறது, திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் மாட்டுவது, துளையிட யார் அனுமதி தருவது என்று பேசியிருக்கிறீர்கள். இங்கே கேள்வியும் மாறியது, பதில் சொல்லவேண்டிய ஆளும் மாறினார். அதுவரை சங்கிலியில் இல்லாத பராமரிப்புப் பொறுப்பாளரை 19-இல்தான் சேர்த்திருக்கிறீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலிலேயே எனக்குப் பதற்றம் தந்த மெயில் இதுதான்.

9-ஆவது மெயிலில் நீங்களும் மேலாளரும் உங்களுக்குள் மட்டும் பேசியிருக்கிறீர்கள். சப்ளையரை எடுத்துவிட்டு, இன்னொரு கம்பெனி கொடுத்த விலையையும் சேர்த்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டிருக்கிறீர்கள். 19-ஆவது மெயிலை எழுதும்போது அந்த உள்மெயிலையே திறந்து, 'ரிப்ளை ஆல்' போட்டு, பராமரிப்புப் பொறுப்பாளரையும் சப்ளையரின் டெக்னீஷியனையும் சேர்த்திருக்கிறீர்கள். மேலே நான்கு வரி, கூரையில் மாட்டுவது பற்றி. அதற்குக் கீழே யாரும் உருட்டிப் பார்க்காத இடத்தில் அந்த அட்டவணை அப்படியே போயிருக்கிறது. போட்டிக் கம்பெனி என்ன விலை சொன்னது என்பது இப்போது உங்கள் சப்ளையருக்குத் தெரியும். இதை மேலாளரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் பிறகு தானாகக் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

ஒரு சங்கிலியில் புது ஆளைச் சேர்க்கும்போது, அதுவரை நடந்த பேச்சு முழுவதையும் அவர் கையில் கொடுக்கிறோம். அதனால் புது ஆள் ஒருவரைச் சேர்க்கவேண்டி வரும் ஒவ்வொரு முறையும் கை ஒரு நொடி நிற்கட்டும். அவர் பதில் சொல்வதற்குப் பழைய பேச்சு தேவையா? தேவை என்றால், அடிவரைக்கும் உருட்டிப் படித்துவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் புது மெயில்தான். கூரையில் துளை போடுபவருக்கு விலைப் பேரத்தால் ஒரு பயனும் இல்லை.

30 முதல் 33 வரை பில்லும் பணமும். இங்கே புது சப்ஜெக்ட் வேண்டாம். 'ஆர்டர் 118' சங்கிலிக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். பில்லில் அந்த எண்தான் இருக்கும், பணம் கொடுப்பவரும் அதைத்தான் தேடுவார். புதிதாகத் தொடங்கலாமா என்று யோசிக்கும்போது 'இதற்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறதா?' என்றும் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கடைசியாக வந்த மெயிலுக்கு மேலேயே பதில் போடுவது கைப்பழக்கம். அதை விட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு முந்தைய சங்கிலியைத் தேடி எடுத்து அதில் எழுதுவதுதான் சில நேரம் சரியாக இருக்கும்.

34 முதல் 41 வரை பழுது. இந்த எட்டு மெயில்களில் ஏழு, நீங்களும் மேலாளரும் 'பதில் வந்ததா, வந்ததா' என்று கேட்டுக்கொண்டவை. சப்ளையருக்குப் போனது 34 ஒன்றுதான், அதற்கும் பதில் இல்லை. காரணத்தை யோசித்துப் பாருங்கள். அந்த மெயில் போன இடம் விற்பனைப் பிரிவு. அந்த மனிதருக்கு உங்கள் ஆர்டர் வந்த அன்றே வேலை முடிந்தது. மூன்று மாதம் கழித்து 'Re: கூட்ட அறைக்கு புரொஜெக்டர் – விலைப்புள்ளி' என்று ஒன்று வந்தால், முடிந்த விவகாரத்தில் யாரோ ஏதோ எழுதுகிறார்கள் என்றே அவர் நினைப்பார். அதைத் திறக்காமலே விட்டிருக்கலாம். பழுதைப் பார்க்கும் சர்வீஸ் பிரிவின் முகவரியோ அந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை.

இதைவிட மோசமாகவும் நடக்கலாம். அவுட்லுக்கில் ஒரு சங்கிலிக்கு `Ignore` கொடுத்தால், அதில் இருக்கும் மெயில்களோடு இனி வரப்போகும் மெயில்களும் நேராக `Deleted Items` பகுதிக்குப் போய்விடும். ஜிமெயிலில் `Mute` கொடுத்தால் அந்த உரையாடலில் புதிதாக வருபவை இன்பாக்ஸில் எட்டிப்பார்க்காது. கூரைத் துளை பற்றிய பதினொரு மெயிலும் தனக்குச் சம்பந்தமில்லாமல் வந்து விழுந்தபோது யாராவது அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், நீங்கள் எழுதிய பழுது மெயில் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. உங்களுக்கோ அது போய்ச் சேர்ந்ததாகத்தான் தெரியும்.

ஆக, 41 மெயில்கள் நான்கு சங்கிலிகளாக இருந்திருக்க வேண்டும். விலை, ஆர்டர், பொருத்துதல், பழுது.

ஒரே சங்கிலியில் இரண்டு கேள்விகள் உயிரோடு இருக்கும்போது என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அட்டையின் நிறத்துக்கு இரண்டு மாதிரிகளை இணைத்து, எது வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். அவர் பதில் போடுவதற்கு முன் என் சக ஊழியர் அதே மெயிலில், '500 பிரதிகளா, 800 பிரதிகளா?' என்று கேட்டிருந்தார். மறுநாள் காலை ஒரு வரி வந்தது: 'சரி, இரண்டாவதே இருக்கட்டும்.' நான் இரண்டாவது நிறம் என்று எடுத்துக்கொண்டேன், சக ஊழியர் 800 என்று எடுத்துக்கொண்டார். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது, மேலதிகாரி சொன்னது நிறத்தைப் பற்றி மட்டும்தான். எண்ணிக்கை பற்றிய கேள்வியை அவர் பார்க்கவே இல்லை. 300 பிரதிகள் அலமாரியில் வெகு காலம் கிடந்தன. மேலே இருப்பவர்கள் ஒரு வரியில்தான் பதில் எழுதுவார்கள், அதுவும் பெரும்பாலும் போனில். அந்த ஒரு வரி எதற்கான பதில் என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்றால் ஒரு சங்கிலியில் ஒரு கேள்விதான் திறந்திருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கும் மெயில்களில் நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. மூன்று ஒப்புதல் வேண்டும் என்றால் மூன்று மெயில்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் புது சப்ஜெக்ட் போட ஆரம்பித்துவிடாதீர்கள். அதனால் வரும் கெடுதலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஒரு கேள்விக்குப் பதில் வராமல் இருக்கும்போது, அதே கேள்வியைப் புது சப்ஜெக்டில் கேட்டால் என்ன நடக்கும்? ஒருவர் பழையதில் பதில் எழுதுவார், இன்னொருவர் புதியதில் எழுதுவார். இரண்டும் வேறு வேறாக இருந்தால் எது கடைசி முடிவு என்று கேட்டு மூன்றாவதாக ஒரு மெயில் போகும். அதனால் நினைவூட்டல் என்பது எப்போதும் பழைய சங்கிலியில்தான் போக வேண்டும். முதலில் எந்தத் தேதியில் கேட்டோம் என்பது அதற்குக் கீழேயே தெரிகிறது, நாம் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. நாள் ஆகிவிட்டது என்பது மட்டும் பிரிப்பதற்குக் காரணம் ஆகாது. மெயில் எண்ணிக்கை கூடிவிட்டது என்பதும் காரணம் ஆகாது. நாற்பது மெயில் போனாலும் ஒரே கேள்வி என்றால் ஒரே சங்கிலிதான். (ஜிமெயில் 100 மெயிலைத் தாண்டியதும் தானாகவே உடைத்து அடுத்த சங்கிலியாகக் காட்டும். அது மென்பொருளின் வரம்பு, நமக்கு விதி அல்ல.) உங்கள் பழுது மெயிலைப் புது சப்ஜெக்டில் திரும்ப எழுதச் சொல்கிறேனே, அது நினைவூட்டல் இல்லையா என்று கேட்கலாம். இல்லை, அது போகவேண்டிய ஆளுக்கு இன்னும் போகவே இல்லை.

மாதாமாதம் அனுப்பும் அறிக்கைகளுக்கு நான் யோசிப்பதே கிடையாது. ஒவ்வொரு மாதமும் புது மெயில், சப்ஜெக்டில் மாதமும் வருடமும். போன மாத மெயிலுக்கே பதில் போட்டு இந்த மாத அறிக்கையை அனுப்புபவர்களிடமிருந்துதான் பழைய கோப்பு தவறிப் போய்ச் சேரும்.

அடுத்து, சப்ஜெக்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு மெயில் எப்படிக் கோக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நீங்கள் 'ரிப்ளை' அழுத்தும்போது, எந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறீர்களோ அந்த மெயிலின் அடையாள எண்ணை உங்கள் மெயில் மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் எழுதிவைக்கும். அது இப்படி இருக்கும்:

```
Message-ID: <b2@example.com>
In-Reply-To: <a1@example.com>
References: <a1@example.com>
Subject: ஆர்டர் 118
```

சப்ஜெக்டை நீங்கள் முழுசாக அழித்துவிட்டு வேறு எழுதினாலும், இரண்டாவது, மூன்றாவது வரிகள் அப்படியே இருக்கும். 'இது a1 என்ற மெயிலுக்குப் பதில்' என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வரிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பது படிப்பவரின் மென்பொருளைப் பொறுத்தது. ஜிமெயில் சப்ஜெக்டையும் சேர்த்துப் பார்க்கிறது. சப்ஜெக்ட் மாறினால் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். தண்டர்பேர்ட் வழக்கமான அமைப்பில் அந்த மறைவான வரிகளை வைத்தே கோக்கிறது. அதில் நீங்கள் மாற்றிய சப்ஜெக்ட், பழைய சங்கிலியின் உள்ளே ஒரு கிளையாகத்தான் தெரியும். சங்கிலியைச் சுருட்டி வைத்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆக, உங்கள் திரையில் தனியாகப் பிரிந்தது போலத் தெரிவது அவர் திரையிலும் பிரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் ஜிமெயிலில் ஒரு மெயிலைத் திறந்து மெனுவில் `Show original` கொடுத்துப் பாருங்கள், மேலே சொன்ன வரிகள் எல்லாம் தெரியும்.

அதோடு, சப்ஜெக்டை மாற்றினாலும் கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய பேச்சு போகாது, 'ரிப்ளை ஆல்' கொண்டுவந்த பெயர்களும் போகாது. அந்த ஒப்பீட்டு அட்டவணை சப்ஜெக்ட் மாறியிருந்தாலும் போய்த்தான் இருக்கும்.

அதனால் என் பழக்கத்தைச் சொல்கிறேன். கேள்வி மாறிவிட்டது என்றால் 'ரிப்ளை' பக்கமே போகாமல், புது மெயில் திறந்து, முகவரிகளை ஒவ்வொன்றாகப் போடுவேன். அப்படிப் போடும்போதுதான் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று மனம் யோசிக்கும். பழைய பேச்சிலிருந்து ஏதாவது ஒரு பகுதி மட்டும் தேவை என்றால் அதை நகலெடுத்து ஒட்டுவேன். சப்ஜெக்டை மட்டும் மாற்றிப் பதில் போடுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் எனக்குச் சம்மதம். ஆட்கள் அத்தனை பேரும் அதே ஆட்கள், கீழே உள்ள பேச்சும் அவர்களுக்குத் தேவை, ஆனால் பேச்சு வேறு திசையில் போய்விட்டது என்னும்போது. அப்போது 'புதுப் பெயர் (was: பழைய பெயர்)' என்று எழுதும் ஒரு வழக்கம் வெகு காலமாக உண்டு. தமிழில் '(முன்பு: விலைப்புள்ளி)' என்று போட்டாலும் எல்லோருக்கும் புரியும். ஜிமெயிலில் பதில் எழுதும் பெட்டியில் அம்புக்குறியை அழுத்தினால் `Edit subject` என்று இருக்கும், அங்கேதான் மாற்ற வேண்டும்.

சப்ஜெக்டின் முன்னால் ஒட்டும் `Re:` பற்றியும் ஒரு வார்த்தை. அது 'ரிப்ளை' என்பதன் சுருக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். மெயிலின் வடிவத்தை வரையறுக்கும் RFC 5322 என்ற 2008-ஆம் ஆண்டு ஆவணம், அது 'இந்த விஷயத்தில்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் என்கிறது. அந்தப் பொருளிலேயே எடுத்துக்கொண்டு பாருங்கள். 'விலைப்புள்ளி விஷயத்தில்: படத்தின் ஓரம் மங்கலாக இருக்கிறது.' பொருந்தவில்லை அல்லவா? எனக்கு இது உதவுகிறது. 'ரிப்ளை' அழுத்தும் முன் சப்ஜெக்டுக்கு முன்னால் 'இந்த விஷயத்தில்' என்று மனசுக்குள் படித்துப் பார்ப்பேன்.

இனி, முன்கதை தெரியவில்லை என்று வாங்கிய திட்டு. அந்த மெயிலையும் படித்தேன். சப்ஜெக்ட் சரி, புதிதாகத் தொடங்கியதும் சரி. ஆனால் உள்ளே, 'அது எப்போது முடியும் என்று கேட்டிருந்தேனே, இன்னும் தகவல் இல்லை' என்று மட்டும் இருந்தது. 'அது' என்பது எது என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் பழைய சங்கிலி உங்கள் மனதில் இருக்கிறது. படிப்பவருக்கு அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. புது சப்ஜெக்ட் போட்டால், பழையதிலிருந்து எதைக் கொண்டுவர வேண்டும் என்பதும் நம் பொறுப்பாகிவிடுகிறது.

இதற்குத் தமிழ் அலுவலகக் கடிதத்தில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. 'பொருள்' என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே 'பார்வை' என்று எழுதுவோம். முன்பு எழுதிய கடிதம் எது, என்ன தேதி என்பது அந்த வரியில் வந்துவிடும். கடிதம் புதிது, ஆனால் பழையதோடு கை கோத்து நிற்கிறது. மெயிலுக்கு மாறியபோது 'பொருள்' வரியை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார்வை' வரியை விட்டுவிட்டோம். அதை நான் இன்றும் விடுவதில்லை. உங்கள் பழுது மெயிலை நான் எழுதினால் இப்படி இருக்கும். தேதிகளையும் கோப்புகளையும் உங்கள் பட்டியலிலிருந்துதான் எடுத்தேன்.

> பொருள்: புரொஜெக்டர் பழுது – படத்தின் வலது ஓரம் மங்கல் – ஆர்டர் 118
>
> பார்வை: 'கூட்ட அறைக்கு புரொஜெக்டர் – விலைப்புள்ளி' என்ற சப்ஜெக்டில் மே 21 அன்று விற்பனைப் பிரிவுக்கு அனுப்பிய மெயில்
>
> வணக்கம். ஆர்டர் 118-இன்படி மார்ச் 4 அன்று பொருத்தப்பட்ட புரொஜெக்டரில், மே 20 முதல் படத்தின் வலது ஓரம் மங்கலாகத் தெரிகிறது. நடுப்பகுதியும் இடது ஓரமும் தெளிவாக உள்ளன. ஃபோகஸைத் திருப்பினால் வலது ஓரம் தெளிகிறது, ஆனால் இடது ஓரம் மங்கிவிடுகிறது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. சரிபார்க்க எந்தத் தேதியில் ஆள் வருவார் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: திரையின் 2 படங்கள், பில், உத்தரவாத அட்டை

இதைப் படிப்பவர் பழைய 41 மெயிலில் ஒன்றைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. சப்ஜெக்டில் 'பழுது' என்ற சொல் முதலிலேயே வருவதையும் கவனியுங்கள். போன் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும், மற்றவை வெட்டுப்பட்டுவிடும். 'கூட்ட அறை' என்று தொடங்கியிருந்தால் சர்வீஸ் பிரிவில் இருப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. எந்த அறை என்பது அவருக்குத் தேவையே இல்லை.

இணைப்புகளை மறந்துவிடாதீர்கள். 'ரிப்ளை' போடும்போதும் பழைய மெயிலின் இணைப்புகள் கூட வராது, 'ஃபார்வர்டு' செய்தால் மட்டும்தான் வரும். புது மெயிலில் நாமே ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும். 'முந்தைய மெயிலில் இணைத்த பில்லைப் பார்க்கவும்' என்று எழுதினால், அந்த முந்தைய மெயில் சர்வீஸ் பிரிவுக்குப் போனதே இல்லை என்பதால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பிரித்த பிறகு பழைய சங்கிலியில் ஒரு வரி எழுதி அதை மூட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் யாராவது ஒருவர் பழையதிலேயே போய்ப் பேச்சைத் தொடர்கிறார். 'மாடலும் விலையும் முடிவாகிவிட்டன. இனி இது குறித்த பேச்சு "ஆர்டர் 118" என்ற சப்ஜெக்டில் தொடரும்' என்று எழுதினால் போதும். அந்த வரியை எழுதும்போது அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒருவர் பழையதில் எழுதினால், அவர் எழுதியதை நகலெடுத்துப் புதியதில் ஒட்டி, அங்கேயே பதில் சொல்லுங்கள். 'தவறான மெயிலில் எழுதிவிட்டீர்கள்' என்று சொல்லிக்காட்ட வேண்டாம். இரண்டு முறை இப்படிச் செய்தால் அவரே புதிய இடத்துக்கு வந்துவிடுவார்.

உங்கள் 41 மெயிலைப் பின்னோக்கிப் பிரிக்க உட்காராதீர்கள். அனுப்பிய மெயில்களை இனி யாராலும் வேறு சங்கிலியில் கோக்க முடியாது, அது வீண் வேலை. இன்று இரண்டு காரியம் செய்யுங்கள். சர்வீஸ் பிரிவின் முகவரியை உத்தரவாத அட்டையில் பார்த்து எடுத்து, பழுது மெயிலைப் புதிதாக அனுப்புங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவரை 'நகல்' பகுதியில் போடுங்கள், ஏனென்றால் மே 21 அன்று நீங்கள் எழுதியது அவருக்குத்தான் போனது. அப்புறம் பழைய சங்கிலியில் 9-ஆவது மெயில் ஒட்டிக்கொண்டிருக்காத ஒன்றைத் தேடித் திறந்து, அதில் மூடும் வரியை எழுதுங்கள். 12-ஆவது மெயில் அப்படி இருக்கிறது, உங்கள் பட்டியலில் பார்த்தேன்.